திரும்பும்போது முட்டிச் சில்லு நழுவிடுச்சு, எக்ஸ்ரே நார்மல்ங்கறாங்க, இது சுளுக்கு மாதிரி தானா?

கோகோ பொண்ணு அம்மா, ஜூலை 9, 2024, இரவு 10:20

பொண்ணுக்கு 14 வயசு, ஒன்பதாவது படிக்கறா. போன வெள்ளிக்கிழமை ஸ்கூல் கிரவுண்ட்ல கோகோ ஆடிட்டு இருந்தா. துரத்தறவ கிட்ட வந்ததும் டக்குனு இடது பக்கம் திரும்பிருக்கா. வலது பாதம் மண்ணுல ஊனினபடியே நின்னுடுச்சு, உடம்பு மட்டும் திரும்பிடுச்சு. டப்புனு ஒரு சத்தம், அப்படியே உக்காந்துட்டா. முட்டி கோணலா இருந்துச்சு, உள்பக்கமா ஒரு கட்டி துருத்திட்டு இருந்துச்சுனு கூட ஆடின புள்ளைங்க சொல்றாங்க. பி.டி. மிஸ் மெதுவா காலை நீட்ட வெச்சதும் தானா உள்ள போயிடுச்சாம். ஒரு மணி நேரத்துல முட்டி இளநி மாதிரி வீங்கிடுச்சு. எக்ஸ்ரே எடுத்தாங்க, எலும்பு உடையல, நார்மல்னு சொல்லி தொடையில இருந்து கணுக்கால் கிட்ட வரைக்கும் நீட்டமா ஒரு பிரேஸ் போட்டு மூணு வாரம் ரெஸ்ட்னு அனுப்பிட்டாங்க. மாமியார் எண்ணெய் போட்டு உருவி விட்டா சரியாயிடும்ங்கறாங்க. எனக்கு ரெண்டே கேள்வி தான். சில்லு உள்பக்கமா போச்சுன்னா அது பெரிய பிரச்சனையா? மறுபடி நழுவுமா?

கபடிக்காரன், ஜூலை 9, இரவு 11:02

அக்கா அது சில்லு இல்ல, ஜவ்வு. எனக்கும் அப்படியே தான் ஆச்சு, ரைடு போயிட்டு திரும்பறப்ப டப்புனு சத்தம், அன்னைக்கே வீக்கம், எக்ஸ்ரே நார்மல். ஆறு மாசம் சும்மா சுளுக்குனு நினைச்சு ஆடி ஆடி கடைசில ஏசிஎல் சுத்தமா அறுந்து ஆபரேஷன் பண்ணி ஒரு வருஷம் போச்சு. உடனே எம்.ஆர்.ஐ. எடுங்க, நாள் கடத்தாதீங்க.

ஓய்வு வாத்தியார், ஜூலை 10, காலை 6:15

அம்மா, எண்ணெய் போட்டு உருவறதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க, உள்ள ரத்தம் கட்டியிருக்கும், உருவினா அதிகமாகும். ஆனா மூணு வாரம்ங்கறது ரொம்பக் கம்மி. எங்க காலத்துல இப்படி நழுவின பையனுக்கு 45 நாள் மாவுக்கட்டு போட்டு படுக்க வெச்சிடுவாங்க, காலை அசைக்கவே விடமாட்டாங்க. வளர்ற புள்ள, அவசரப்பட்டு நடக்க விடாதீங்க.

மதுரை பிசியோ, ஜூலை 10, காலை 8:40

மொதல்ல அந்த உள்பக்கத்துக் கட்டி. பாத்தவங்க எல்லாருமே இப்படித்தான் சொல்வாங்க, ஆனா சில்லு அனேகமா எப்பவும் வெளிப்பக்கமா தான் நழுவும். சில்லு தன் இடத்தை விட்டு வெளிய போனதும் அது மூடிட்டு இருந்த தொடை எலும்போட உள்முனை தெரிய ஆரம்பிக்கும். புள்ளைங்க கட்டினு பாத்தது அந்த எலும்பு முனையை தான். சில்லு அந்தப் பக்கம் வெளிய உக்காந்துட்டு இருந்திருக்கும். காலை நீட்டினதும் தொடைத் தசை தளர்ந்து சில்லு தன் பள்ளத்துக்குத் திரும்பிடுச்சு. பி.டி. மிஸ் மெதுவா நீட்டினது நல்ல காரியம்.

கபடி தம்பி சொல்றதையும் தள்ளிட முடியாது. திரும்பறது, டப்புனு சத்தம், ஒரு மணி நேரத்துல வீக்கம், மூணும் ரெண்டுலயும் வரும். ஆனா முட்டி கோணலாகி அப்புறம் நேரானதை பத்து பேர் பாத்திருக்காங்க, அதனால சில்லு தான்னு எனக்குப் படுது. டாக்டர் கை வெச்சு ஏசிஎல்லையும் பாத்தாரான்னு கேளுங்க.

எனக்கு உறுத்தறது வேற. இவ்ளோ சீக்கிரம் இவ்ளோ வீக்கம்னா உள்ள ரத்தம். சில்லு வெளிய போறப்பவோ திரும்பி உள்ள வர்றப்பவோ தொடை எலும்போட வெளி விளிம்புல இடிக்கும். அந்த இடியில குருத்தெலும்பு ஒரு செதில் பேந்து வர்றதுண்டு. அதுல எலும்பு கொஞ்சமா தான் ஒட்டிட்டு இருக்கும், அதனால எக்ஸ்ரேல தெரியாமலே போயிடும். முட்டியை மடக்கி வெச்சு மேல இருந்து பாக்கற மாதிரி ஒரு எக்ஸ்ரே உண்டு, ஸ்கைலைன்னு சொல்வாங்க. அது எடுத்தாங்களா?

அப்புறம் ஒண்ணு செஞ்சு பாக்கச் சொல்லுங்க. மல்லாக்கப் படுத்து, முட்டிக்கு அடியில சுருட்டின துண்டு வெச்சு, அந்தத் துண்டை முட்டியால கீழ அமுக்கணும். தொடை இறுகுதான்னு நீங்க கை வெச்சுப் பாருங்க.

கோகோ பொண்ணு அம்மா, ஜூலை 10, மதியம் 1:30

நேத்து உள்பக்கமா போச்சுன்னு எழுதினது தப்பு, மன்னிச்சுக்கோங்க. இன்னைக்கு விரலால தொட்டுப் பாத்தேன், சில்லோட உள் ஓரத்துல தான் தொட்டாலே துடிக்கறா, வெளிப்பக்கம் அவ்ளோ இல்ல. ஸ்கைலைன் எடுக்கல, நேரா ஒண்ணு பக்கவாட்டுல ஒண்ணு ரெண்டே படம் தான். துண்டு வெச்சு அமுக்கச் சொன்னேன். இடது தொடை கல்லு மாதிரி இறுகுது, வலது தொடை பஞ்சு மாதிரி அப்படியே கெடக்குது. "அம்மா, எங்க இறுக்கறதுன்னே தெரியல"னு அழுதுட்டா. வலிச்சு அழல, தெரியலைன்னு அழுதா. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

மதுரை பிசியோ, ஜூலை 10, இரவு 9:05

தசைக்கு ஒண்ணும் ஆகல, பயப்படாதீங்க. முட்டிக்குள்ள நீரோ ரத்தமோ கட்டினா அந்த மூட்டு தொடைத் தசையை அணைச்சு வெச்சிடும், வலி இல்லாட்டி கூட. அதனால தான் வாத்தியார் ஐயா சொல்ற 45 நாள் எனக்கு ஒத்துவரல. நடக்கவே விடாம கட்டி வெச்சா ஏற்கனவே தூங்கற தசை கரைஞ்சே போயிடும், அப்புறம் சில்லை யார் பிடிச்சு வெக்கறது?

பிரேஸ் போட்டபடி, கிரச்சஸ் வெச்சு, வலி தாங்கற அளவுக்கு அந்தக் காலை ஊனி நடக்கலாமானு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, பெரும்பாலும் சரின்னு தான் சொல்வாங்க. துண்டு அமுக்கறதை ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து, அஞ்சு செகண்ட் பிடிச்சு. மொதல்ல நல்ல காலோட சேத்து ரெண்டையும் ஒண்ணா அமுக்கச் சொல்லுங்க, அப்ப தான் அந்தக் காலுக்கு ஞாபகம் வரும். துணி சுத்தி ஐஸ் ஒரு கால் மணி நேரம். எம்.ஆர்.ஐ.யை இந்த வாரமே பாத்துடுங்க.

தம்பிக்கு ஆச்சு, ஜூலை 11, மாலை 4:48

எங்க தம்பிக்கு 16 வயசுல ஃபுட்பால்ல நழுவுச்சு, நாங்க எம்.ஆர்.ஐ. எடுக்கல. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் சாப்பிட்டு எந்திரிக்கறப்ப முட்டி பாதியில பூட்டிக்கிச்சு, நீட்டவும் முடியல மடக்கவும் முடியல. உள்ள ஒரு துண்டு மெதந்துட்டு இருந்துச்சாம். அதை ஓட்டை போட்டு எடுத்தாங்க. மொதல்லயே பாத்திருந்தா ஒட்ட வெச்சிருக்கலாம், இப்ப ஓரம் தேஞ்சுடுச்சுன்னு சொன்னாங்க. முட்டி சிக்குதான்னு பாப்பாகிட்ட கேளுங்க அக்கா.

கோகோ பொண்ணு அம்மா, ஜூலை 14, இரவு 8:55

ரிப்போர்ட் வந்துடுச்சு. துண்டு எதுவும் பேந்து வரல, அதைப் படிச்சதும் தான் மூச்சே வந்துச்சு. ஏசிஎல் நல்லா இருக்கு. சில்லை உள்பக்கம் இழுத்துப் பிடிக்கற எம்.பி.எஃப்.எல். ஜவ்வு சில்லு ஓரத்துல கிழிஞ்சிருக்கு. சில்லோட உள் ஓரத்துலயும் தொடை எலும்போட வெளி முனையிலயும் எலும்புக்குள்ள கன்னிப்போன மாதிரி இருக்காம், ரெண்டும் இடிச்சதோட அடையாளம்னு டாக்டர் படத்துல காட்டினார். சில்லு ஓடற பள்ளம் ஆழம் கம்மினு எழுதியிருக்கு. முட்டிக்குக் கீழ இருக்கற எலும்பு மேடு அந்தப் பள்ளத்துல இருந்து எவ்ளோ வெளிப்பக்கமா தள்ளி இருக்குனு காட்டற டிடி-டிஜினு ஒரு அளவு 17 மி.மீ.

இப்ப குழப்பம் இது தான். ஒரு டாக்டர் பள்ளம் ஆழம் கம்மி, வளர்ற வயசு, கண்டிப்பா மறுபடி நழுவும், இப்பவே ஜவ்வு வெச்சுடலாம்ங்கறார். இன்னொருத்தர் மொத தடவை தான, துண்டும் இல்ல, பயிற்சி பண்ணிப் பாக்கலாம், ரெண்டாவது தடவை ஆச்சுன்னா யோசிக்கலாம்ங்கறார். ரெண்டு பேருமே பெரிய டாக்டர்ங்க. வீட்டுக்காரர் ரெண்டாவது டாக்டர் பக்கம், எனக்கு ரெண்டு நாளா தூக்கம் இல்ல.

மதுரை பிசியோ, ஜூலை 14, இரவு 10:30

ரெண்டு பேரும் பொய் சொல்லல. மொத தடவை, துண்டு இல்லைனா பயிற்சில ஆரம்பிக்கறது தான் வழக்கம். ஆனா ஆழம் கம்மியான பள்ளமும் எலும்பு நீளமாகற எடத்துல இன்னும் மூடாத வளர்ச்சித் தட்டும் ஒண்ணா இருந்தா மறுபடி நழுவற ஆபத்து நெஜமாவே அதிகம், அதை நான் மறைக்க மாட்டேன். 17ங்கறது கொஞ்சம் கூட தான், ஆனா 20க்கு மேல போனா தான் எலும்பை நகர்த்தற பேச்சு வரும். அதுவும் வளர்ச்சி முடியறதுக்கு முன்னாடி பண்ண மாட்டாங்க.

ஜவ்வு வெக்கறதுலயும் ஒரு சங்கடம் இருக்கு. அந்த ஜவ்வு தொடை எலும்புல ஒட்டற இடமும் வளர்ச்சித் தட்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. தட்டைத் தொடாம துளை போடத் தெரிஞ்சவங்க இருக்காங்க, ஆனா அவசரத்துல செய்யற வேலை இல்ல. பாப்பா வயசுக்கு வந்து எவ்ளோ நாள் ஆச்சு, இன்னும் உயரமாகறாளானு ரெண்டு டாக்டர்கிட்டயும் சொல்லுங்க, முடிவுல அதுக்கு பங்கு உண்டு. கட்டை விரல் மணிக்கட்டுப் பக்கம் மடங்கி முன்கையில தொடுதா, முழங்கை பின்பக்கமா வளையுதானும் பாருங்க. உடம்பே தளர்ந்த மூட்டா இருந்தா கணக்கு மாறும்.

கோகோ பொண்ணு அம்மா, ஜூலை 28, காலை 11:10

ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். கட்டை விரல் தொடல. வயசுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு.

மூணு வாரம் முடிஞ்சு பிரேஸ் கழட்டினாங்க. வலது தொடையைப் பாத்து நான் ஆடிப் போயிட்டேன், 4 செ.மீ. கம்மினு டேப்ல வந்துச்சு.

கோகோ பொண்ணு அம்மா, ஜூலை 28, மாலை 6:25

காலைல எழுதின 4 செ.மீ. சரியில்ல. ரெண்டு காலையும் வேற வேற எடத்துல அளந்திருக்கேன். பிசியோ கிட்ட இருந்து கத்துட்டு சில்லோட மேல் ஓரத்துல இருந்து சரியா 10 செ.மீ. மேல பேனால கோடு போட்டு அளந்தேன். இடது 40, வலது 37. மூணும் கம்மி இல்ல தான், ஆனா இப்ப சரியான அளவு கையில இருக்கு.

இன்னொண்ணு, படுத்துட்டு முட்டியை நேரா வெச்சு காலைத் தூக்கச் சொன்னா, குதிகால் தூக்கறதுக்கு முன்னாடியே முட்டி லேசா மடங்கிடுது. இதை லேக்னு சொல்றாங்க. இது போற வரைக்கும் கிரச்சஸ் விடக் கூடாதுனு சொல்லியிருக்காங்க.

ஜிம் மாஸ்டர், ஜூலை 29, காலை 7:30

தொடையோட உள்பக்கத்துல கண்ணீர்த் துளி மாதிரி ஒரு தசை இருக்கும் சிஸ்டர், அது தான் சில்லை உள்ள இழுக்கும். அதை மட்டும் வளத்தா போதும். கணுக்கால்ல 3 கிலோ வெயிட் கட்டி சேர்ல உக்காந்து காலை முழுசா நீட்டி நீட்டி மடக்கச் சொல்லுங்க, கடைசி கொஞ்ச தூரத்துல தான் அந்தத் தசை வேலை செய்யும்.

மதுரை பிசியோ, ஜூலை 29, மதியம் 2:15

மாஸ்டர், அந்தத் தசை முக்கியம்ங்கறது சரி. ஆனா அதை மட்டும் தனியா வேலை வாங்க முடியாது, நாலு தசையும் சேந்து தான் இறுகும். நானும் பத்து வருஷம் முன்னாடி அதை மட்டும் வளக்கறேன்னு புள்ளைங்களை படுத்தியிருக்கேன், இப்ப விட்டுட்டேன். வெயிட் கட்டறது தான் எனக்கு பயம். முட்டி 20, 30 டிகிரி மடங்கினதுக்கு அப்புறம் தான் சில்லு பள்ளத்துல உக்காரும். முழுசா நீட்டற அந்தக் கடைசிக் கொஞ்ச தூரத்துல சில்லு பள்ளத்துக்கு மேல தளர்வா நிக்குது, பிடிக்கற ஜவ்வும் கிழிஞ்சிருக்கு. அந்த எடத்துல போய் 3 கிலோவை இழுக்கச் சொல்லாதீங்க. பாதம் தரையில இருக்கற பயிற்சி இப்போதைக்குப் போதும். செவுத்துல சாஞ்சு லேசா உக்காந்து எந்திரிக்கறது, கால்வாசி மடக்கினா போதும்.

ஜிம் மாஸ்டர், ஜூலை 29, இரவு 9:50

ஓகே மேடம், ஆனா பெரியவங்களுக்கு நான் குடுத்து நல்லா ஆயிருக்காங்க.

கோகோ பொண்ணு அம்மா, ஆகஸ்ட் 25, இரவு 9:40

லேக் போயிடுச்சு, கிரச்சஸ் விட்டாச்சு, ஸ்கூலுக்குப் போறா. இப்ப வாசப்படில இருந்து எறங்கற பயிற்சி. ஒரு படி மேல வலது கால்ல நின்னுட்டு இடது குதிகாலை மெதுவா தரையில தொட்டுட்டு மறுபடி மேல வரணும். கேட்க சுலபம். நான் முன்னாடி நின்னு பாத்தா, எறங்க ஆரம்பிச்சதுமே வலது முட்டி உள்பக்கமா சாஞ்சு கட்டை விரலைத் தாண்டிப் போயிடுது, இடது பக்கம் இடுப்பு கீழ தொங்குது. அன்னைக்கு கிரவுண்ட்ல திரும்பினப்ப இந்த முட்டி எப்படி சாஞ்சிருக்கும்னு அப்ப தான் எனக்குக் கண்ணு முன்னாடி தெரிஞ்சுது. இத்தனை நாளா முட்டி முட்டினு பாத்துட்டு இடுப்பை விட்டுட்டோம்.

படி உயரம் ஜாஸ்தினு பிசியோ சொன்னதால ரெண்டு செங்கல்லை பக்கத்துல பக்கத்துல படுக்க வெச்சு, பலகை போட்டு அதுல ஆரம்பிச்சோம். எதுத்தாப்ல பீரோ கண்ணாடி. முட்டிச் சில்லு ரெண்டாவது விரலுக்கு நேரா இருக்கணும், சாஞ்சா அந்தத் தடவை கணக்கு இல்ல. மொத நாள் எட்டுல ரெண்டு தான் கணக்கு. பக்கவாட்டுல படுத்து காலைத் தூக்கறது, ரப்பர் பேண்ட் கட்டி நண்டு மாதிரி நடக்கறது, ரெண்டும் தெனமும். நேத்து எட்டுல ஆறு.

ஓய்வு வாத்தியார், ஆகஸ்ட் 26, காலை 6:05

அம்மா, நான் 45 நாள்னு சொன்னவன். அந்தக் காலத்துல கட்டுப் பிரிச்சப்புறம் அந்தப் பையன் நொண்டினது இப்ப ஞாபகத்துக்கு வருது, கட்டினதால தான்னு நாங்க நினைக்கவே இல்ல. மெடிக்கல்ல விக்கற நீ கேப் மாட்டி விடலாமா?

மதுரை பிசியோ, ஆகஸ்ட் 26, மதியம் 1:00

மாட்டலாம் ஐயா, தைரியத்துக்கு நல்லது. ஆனா அந்தத் துணி சில்லைப் பிடிச்சு நிறுத்தாது. அதை மாட்டிட்டு கிரவுண்ட்ல எறங்க விட்டுடாதீங்க.

கோகோ பொண்ணு அம்மா, செப்டம்பர் 17, இரவு 10:15

சறுக்கிட்டோம். ஸ்கூல்ல ஒரு விழா, மூணு மணி நேரம் நின்னுட்டே இருந்திருக்கா, நாலு தடவை மாடி ஏறி எறங்கியிருக்கா. வலி இல்லைனு தான் சொன்னா. ஆனா முட்டி ஓரத்துக் குழி காணோம். பிசியோ சொல்லிக் குடுத்த மாதிரி பாத்தேன். முட்டியோட உள்பக்கத்தைக் கீழ இருந்து மேல ரெண்டு மூணு தடவை உள்ளங்கையால வழிச்சு விட்டா குழி தெரியும். அப்புறம் வெளிப்பக்கத்தை மேல இருந்து கீழ ஒரு தடவை வழிச்சா, உள்ள நீர் இருந்தா அந்தக் குழி மெல்ல அலை மாதிரி ரொம்பிடும். ரொம்புச்சு. அதுக்குள்ள தொடையும் பழையபடி சோம்பேறியாயிடுச்சு, பலகைல எட்டுல மூணு தான்.

நாலு நாள் படி பயிற்சி நிறுத்தி துண்டு அமுக்கறதுக்கே போயிட்டோம். இப்ப தெனமும் ராத்திரி வழிச்சுப் பாத்துட்டு தான் மறுநாள் என்ன செய்யறதுன்னு முடிவு பண்றேன். வலியைக் கேட்டு முடிவு பண்ணினது என் தப்பு.

கபடிக்காரன், அக்டோபர் 20, மாலை 5:30

அக்கா, நான் மொத நாள் ஏசிஎல்னு அடிச்சு சொன்னேன், தப்பாயிடுச்சு. பாப்பா எப்ப ஆட எறங்கறா?

கோகோ பொண்ணு அம்மா, அக்டோபர் 20, இரவு 9:20

தம்பி, நீங்க சொன்னதால தான எம்.ஆர்.ஐ. எடுத்தோம்.

ஆட இன்னும் விடல. மூணு மாசம் தாண்டியாச்சு, தொடை 39, நீர் இல்ல, முழுசா மடங்குது. ஒத்தக் கால்ல தாவி அதே கால்ல நிக்கற டெஸ்ட் வெச்சாங்க, மூணு தடவை தாவி நல்லதை எடுத்துக்கணும். இடது 128 செ.மீ., வலது 112. நூத்துக்கு 87 சொச்சம் வருது, 90 வந்தா தான் கிரவுண்ட்னு பிசியோ கறாரா சொல்லிட்டாங்க. தூரம் ஒரு பக்கம், சில்லை யாராவது லேசா வெளிப்பக்கம் தள்ளினா இன்னும் டக்குனு கையைப் பிடிச்சுக்கறா. அந்த பயம் போகல.

மொத டாக்டர் இன்னும் ஆபரேஷன் தான்ங்கறார், பள்ளம் ஆழமாகப் போறதில்லையேனு கேக்கறார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. கோகோ வேண்டாம், வேற ஏதாவது ஆடுனு வீட்டுக்காரர் சொன்னதுக்கு ரெண்டு நாள் அவர்கிட்ட பேசல.

இன்னைக்கு சாயங்காலம் வாசல்ல கோலப்பொடில சிலுவை மாதிரி கோடு போட்டு, சின்னச் சின்ன எட்டா வெச்சுத் திரும்பறா. வலது பக்கம் சரசரனு திரும்பறா. இடது பக்கம் வர்றப்ப வலது கால் ஒரு நொடி நிக்குது, குனிஞ்சு முட்டியைப் பாத்துட்டு, பாதத்தையும் சேத்துத் தூக்கி வெச்சுத் திரும்பறா. இருபது தடவை எண்ணினேன். கடைசி மூணுல தான் குனியல.